கிணற்றில் ஆலைக் கழிவு: புகாரை "விதிமீறல் இல்லை" என்று மூடிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?

கதிரவன்_வியாசர்பாடி

நான் வேலை பார்ப்பதும் இருப்பதும் சென்னையில். அப்பாவும் சித்தப்பாவும் பொன்னேரி தாண்டி எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிறார்கள். நிலத்துக்கு மேற்கே அரை கிலோமீட்டருக்குள் இரும்பு பைப்புக்குத் துத்தநாக முலாம் பூசும் ஆலை ஒன்று இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம்.

இரண்டு வருஷமாகக் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை. இறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாகி அடியில் துரு மாதிரி படிகிறது. போன நவரைக்கு விட்ட நாற்று மஞ்சளாகிக் கருகிவிட்டது. மாடு வாயே வைப்பதில்லை. ஆலைக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. ராத்திரியில் அதில் தண்ணீர் விடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். வந்து பார்த்தார்கள். "சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது, கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை, அப்பகுதி நிலத்தடி நீர் கடல்நீர் ஊடுருவலால் பாதிக்கப்பட்டது" என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். இதற்கு மேல் யாரிடம் போவது? கலெக்டரா, கோர்ட்டா, பசுமைத் தீர்ப்பாயமா?

ஜானகிராமன்_குமாஸ்தா

அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்காதீர்கள். நேராக முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவும் நஷ்ட ஈடும் கேட்டு வழக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ன்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். பொதுத்தொல்லை என்று சொல்லி ஓடையில் விடுவதை நிறுத்த உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. நான் வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷமாக இருக்கிறேன்.

அம்பத்தூர்_செல்வி

எங்கள் கதையும் இதேதான். கீழ்த்தளத்தில் பெயின்ட் அடிக்கும் பட்டறை, மதியம் ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. பையனுக்கு எப்போதும் இருமல். வீட்டு ஓனரிடம் சொன்னால் "வாடகை ஏத்தாம இருக்கேன்ல" என்கிறார். நானும் இதே இடத்தில்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

ரங்கன்_ஆய்வகம்

செல்வி அம்மா, உங்களுடையது குடியிருப்புக்குள் பட்டறை. உரிமம் கொடுத்த மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், உரிமமே இல்லாமல் நடத்துகிறவர்கள் நிறைய. கதிரவன் கேட்பது வேறு விஷயம்.

கதிரவன் தம்பி, நான் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாரிடம் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்களுக்கு வந்த பதிலில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் மறுப்பு கையில் இல்லாமல் எங்கே போனாலும் இதே பதில்தான் வரும்.

முதல் விஷயம், "சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது." முலாம் பூசுவதற்கு முன் இரும்பை ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுப்பார்கள். பைப்பை முக்க முக்க ஆசிட்டில் இரும்பு கரைந்து ஏறும். ஒரு அளவுக்கு மேல் ஆசிட் துருவைப் பிடிக்காது, தொட்டியையே மாற்றியாக வேண்டும். ஆக அங்கே இரண்டு வகைக் கழிவு. பைப்பை அலசிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்கே சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டுவார்கள். தொட்டியில் தீர்ந்துபோன ஆசிட் தனி. அது அபாயக் கழிவு, லாரியில் ஏற்றி அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். காசு செலவாவது அங்கேதான். சுத்திகரிப்பு நிலையம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், தீர்ந்த ஆசிட் இன்னொரு குழாய் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கும். பகலில் வந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தவருக்கு இது தெரிய வழியில்லை.

இரண்டாவது விஷயம், கடல்நீர். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பல வருஷமாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்தது உண்மைதான், அதைப் பற்றி ஏகப்பட்ட ஆய்வுகள் உண்டு. "கிணறு உப்பு" என்று மட்டும் மனு எழுதினால் ஆலைக்கு அது வசதி. எந்த உப்பு என்று நீங்கள் காட்ட வேண்டும்.

கிணற்றிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம்? கிணற்றுக்கு மோட்டாரா, கமலையா? பைப் என்ன பைப்?

கதிரவன்_வியாசர்பாடி

கடற்கரை கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சார். திறந்த கிணறு, மோட்டார் இருக்கிறது. இறங்கும் பைப் பழைய ஜி.ஐ. பைப். ஆலைக்கு மேற்கே வேறொருவர் கிணறு இருக்கிறது, அந்தத் தண்ணீரை இன்னும் குடிக்கிறார்கள். எங்களுக்குக் கிழக்கே இன்னொரு கிணறு, அதுவும் கொஞ்சம் கெட்டிருக்கிறது.

ரங்கன்_ஆய்வகம்

அந்த மேற்குக் கிணறுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பக்கத்தில் நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கிக் கிழக்கே நகரும். ஆலைக்கு மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே கெட்ட தண்ணீர் என்றால் நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடலிலிருந்து வந்திருந்தால் கிழக்குக் கிணறுதான் முதலில் கெட்டிருக்கும், உங்களுடையதைவிட மோசமாகவும் இருக்கும்.

மூன்று கிணற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் எடுங்கள். மோட்டார் வழியாக எடுக்காதீர்கள். துத்தநாகம்தான் நாம் தேடுவது, ஜி.ஐ. பைப்பே துத்தநாகப் பூச்சுதான், "அது உங்கள் பைப்பிலிருந்து வந்தது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தகர வாளியும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டி, மேல்மட்டத்துக்குக் கீழே இறக்கி எடுங்கள்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு கேன். ஒன்று சாதாரணமாக, வாய்வரை நிரப்பி மூடியது. இன்னொன்று உலோகத்துக்கு. அதில் ஆய்வகமே கொடுக்கும் சில சொட்டு நைட்ரிக் ஆசிட் விட வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேருவதற்குள் இரும்பு காற்றுப் பட்டு அடியில் படிந்துவிடும், ரிப்போர்ட்டில் குறைவாக வரும். பி.எச். அளவைக் கிணற்றடியிலேயே பார்த்து எழுதுங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். எடுக்கும்போது ஊராட்சித் தலைவரோ வி.ஏ.ஓ.வோ பக்கத்தில் நின்று, தேதி, நேரம், சர்வே எண் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் நல்லது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உப்புச் சமாச்சாரம் எல்லாம் பார்ப்பார்கள். துத்தநாகம் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம். கேட்க வேண்டியவை: பி.எச்., டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், சோடியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம். இதற்கு மேல் பட்டியல் நீட்டிக் காசைக் கரைக்காதீர்கள்.

பாலாறு_முனுசாமி

ரங்கன் ஐயா சொல்வதெல்லாம் சரி. நாங்கள் ராணிப்பேட்டைக்காரர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரை எடுக்காத ஆய்வகம் இல்லை. தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே "மாசுபடுத்தியவன் காசு கொடுக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு கணக்குப் போட சென்னையில் தனி ஆணையமே வைத்தார்கள். அப்புறம் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் நஷ்ட ஈட்டைக் கொடுத்து முடி என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். எங்கள் நிலத்தில் இன்னும் உப்புப் பூக்கிறது. ரிப்போர்ட் வாங்கி வைத்தால் தண்ணீர் சரியாகிவிடுமா?

தேன்மொழி_வழக்கறிஞர்

முனுசாமி ஐயா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பாலாற்றில் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள், இங்கே ஒரு ஆலை, ஒரு ஓடை. அளவு வேறு.

ஜானகிராமன் சார், ஒரு திருத்தம். சுற்றுச்சூழல் பாதிப்புக்கான நிவாரணமும் நஷ்ட ஈடும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வந்துவிட்டால் சிவில் கோர்ட் அதை விசாரிக்க முடியாது, 2010-ம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-வது பிரிவு தடுக்கிறது. முன்சீப் கோர்ட்டில் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் இதைச் சொல்லி வருஷக்கணக்கில் இழுப்பார். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வார்கள்.

ஆர்.டி.ஓ. மனு சரியான யோசனைதான். எண் மட்டும் மாறிவிட்டது, 2024 ஜூலை முதல் அது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 152. ஓடையில் விடுவதை உடனே நிறுத்த அது உதவும். நஷ்ட ஈடு அதில் கிடைக்காது.

கதிரவன், இதோடு இன்றே செய்ய வேண்டிய ஒன்று: திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில், ஊருக்கு மாற்றுக் குடிநீர் கேட்டுத் தனி மனு கொடுங்கள். ஆலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். யார் கெடுத்தது என்று நிரூபிக்காமலே கிடைக்க வேண்டிய தண்ணீர் அது. ஆலைப் புகாரோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஃபைல் தேங்கும்போது இதுவும் சேர்ந்து தேங்கும்.

ஜானகிராமன்_குமாஸ்தா

புது எண் பழகவில்லை, சரி. ஆனால் சிவில் கோர்ட்டே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து நிலத்துக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டால் அதுக்கும் தீர்ப்பாயமா?

தேன்மொழி_வழக்கறிஞர்

அதற்கு முன்சீப் கோர்ட்தான். நீர்ச் சட்டமோ காற்றுச் சட்டமோ சம்பந்தப்படும்போதுதான் நான் சொன்னது.

ஷிப்ட்_மோகன்

நான் இதே மாதிரி ஒரு முலாம் ஆலையில் சூப்பர்வைசர், உங்கள் ஊர் ஆலை இல்லை. எல்லோரும் ராத்திரியில் வால்வு திறக்கிறார்கள் என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஆலையில் தீர்ந்த ஆசிட்டை டேங்கர்காரர் வந்து எடுத்துப் போகிறார், அவருக்குப் பணம் கொடுக்கிறோம். அவர் வழியில் எந்த ஏரியில் திறந்துவிடுகிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆலையை மூடினால் இருநூறு குடும்பம் தெருவுக்கு வரும், அதில் பாதி உங்கள் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள்.

ரங்கன்_ஆய்வகம்

மோகன் தம்பி, தெரியவில்லை என்று சொல்ல முடியாமல் செய்வதற்காகத்தான் படிவம் 10 வைத்திருக்கிறார்கள். லாரி கிளம்பும்போது ஆலை கையெழுத்து, ஏற்றிப் போகிறவர் கையெழுத்து, வாங்கிக்கொண்ட இடத்தின் கையெழுத்து. கடைசிக் கையெழுத்தோடு நகல் உங்கள் ஆலைக்குத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த லோடு எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் சேதத்துக்கு ஆலை பொறுப்பு.

கதிரவன் தம்பி, இங்கேதான் உங்கள் அடுத்த வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். "ஆலை மாசுபடுத்துகிறதா" என்று கேட்கக் கூடாது, அது தகவல் இல்லை, கருத்து என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீர்ச் சட்டத்தின்படி கொடுத்த இசைவாணையும் அதன் நிபந்தனைகளும், அபாயக் கழிவு அங்கீகார ஆணை, கடந்த மூன்று வருஷத்துக்கான படிவம் 4, அதே மூன்று வருஷத்துக்கான படிவம் 5, கடைசியாக உங்கள் புகாருக்காக வந்தபோது எழுதிய ஆய்வுக் குறிப்பு.

படிவம் 4 என்பது அபாயக் கழிவு எவ்வளவு உண்டானது, எங்கே போனது என்று ஆலையே வருஷா வருஷம் கொடுக்கும் கணக்கு. படிவம் 5-ல் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள் செலவானது என்று எழுதியிருக்கும். ஒன்றில் ஆசிட் உள்ளே வந்த கணக்கு, இன்னொன்றில் வெளியே போன கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதில் முப்பது நாளில் வர வேண்டும். ஆலையின் வணிக ரகசியம் என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

காட்டூர்_ராஜி

எங்களுக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, புகை. இரும்பு உருக்கும் ஆலை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கருஞ்சிவப்பாகக் கூரையெல்லாம் புகை. காலையில் கத்தரி இலையைத் தடவினால் கை கறுப்பாகிறது. வந்து சிம்னியில் மெஷின் வைத்து அளந்து "அளவுக்குள் இருக்கிறது" என்று போய்விட்டார்கள்.

ரங்கன்_ஆய்வகம்

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், "கூரையெல்லாம் புகை." உலையில் பழைய இரும்பைக் கொட்டும்போது கிளம்பும் புகையை உறிஞ்சி, வடிகட்டும் பைகள் வழியாகச் சிம்னிக்கு அனுப்ப வேண்டும். உறிஞ்சும் ஃபேனுக்குக் கரண்ட் செலவு அதிகம் என்று நிறுத்திவிட்டால் புகை சிம்னிக்குப் போகாமல் ஷெட் கூரை வழியாகவே வெளியேறும். அப்போது சிம்னியில் அளந்தால் சுத்தமாகத்தான் இருக்கும். ஆகவே புகாரில் சிம்னி என்று எழுதாதீர்கள். "உலைக்கொட்டகைக் கூரை வழியாக" என்று எழுதி, சிம்னியும் கூரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, நேரத்தோடு வீடியோ எடுங்கள். அந்த ஃபேனுக்குத் தனி மின் மீட்டர் இருக்கிறதா, அதன் ரீடிங் என்ன என்று இசைவாணை நிபந்தனையைக் காட்டிக் கேளுங்கள். ஊருக்குள் காற்று அளக்கும் கருவியை இருபத்துநாலு மணி நேரம் வைக்கச் சொல்லியும் கேட்கலாம், ராத்திரியும் அதில் சேர்ந்துவிடும்.

கதிரவன்_வியாசர்பாடி

ரிப்போர்ட் வந்துவிட்டது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறேன்.

மேற்குக் கிணறு: பி.எச். 7.4, டி.டி.எஸ். 780, குளோரைடு 160, சல்பேட் 60, துத்தநாகம் 0.04.

எங்கள் கிணறு: பி.எச். 5.9, டி.டி.எஸ். 3,400, குளோரைடு 2,050, சல்பேட் 110, சோடியம் 310, கால்சியம் 720, மக்னீசியம் 95, இரும்பு 14, துத்தநாகம் 3.1.

கிழக்குக் கிணறு: பி.எச். 6.8, டி.டி.எஸ். 1,600, குளோரைடு 640, துத்தநாகம் 0.4.

ஆனால் ஆய்வகத்தில் துத்தநாகத்துக்கு நேரே "வரம்புக்குள்" என்று போட்டிருக்கிறார்கள். குடிநீரில் 5 வரை இருக்கலாமாம். இது நமக்கு எதிராகப் போகாதா?

ரங்கன்_ஆய்வகம்

போகாது. குடித்தால் கெடுதலா என்பது ஒரு கேள்வி, எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. அந்த 5 முதல் கேள்விக்கான எண். உங்கள் மனுவுக்கு வேண்டியது, மேற்கே 0.04, உங்களிடம் 3.1, கிழக்கே போகப் போக 0.4 என்று குறைவதுதான். இரும்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், இயற்கையாகவே இரும்பு அதிகமுள்ள கிணறுகளும் இப்படிச் சிவக்கும்.

கடல்நீர் வாதத்துக்கு வருவோம். கடல்நீரில் குளோரைடு 1,000 இருந்தால் சோடியம் சுமார் 550, சல்பேட் சுமார் 140 கூடவே இருக்கும். உங்கள் குளோரைடு 2,050. அது கடலிலிருந்து வந்திருந்தால் சோடியம் 1,100-க்கு மேலும் சல்பேட் 280-க்கு மேலும் இருந்திருக்க வேண்டும். இருப்பது 310-ம் 110-ம். கடல்நீரில் கால்சியத்தைவிட மக்னீசியம்தான் அதிகம், உங்களிடம் தலைகீழ். கால்சியமும் குளோரைடும் சேர்ந்து ஏறுவது, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்த இடத்தில் எதிர்பார்க்கக்கூடியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு நிபுணர் எப்படியும் சொல்வார். கடல்நீர் களிமண் வழியாக ஊடுருவும்போது சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு கால்சியம் வெளியே வருவதுண்டு. அதனால் சோடியம், கால்சியத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள். பி.எச். 5.9-ஐயும் துத்தநாகத்தையும் கடல்நீரை வைத்து விளக்க முடியாது. மனுவில் அவை முதலில் வரட்டும்.

பாலாறு_முனுசாமி

இந்த ரிப்போர்ட்டை நீதிமன்றம் ஏற்குமா? எங்களிடம் "நீங்கள் எடுத்த தண்ணீர் செல்லாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்தால்தான் செல்லும்" என்றார்கள்.

தேன்மொழி_வழக்கறிஞர்

பாதி சரி ஐயா. நீர்ச் சட்டம் 21-வது பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. ஆலையின் கழிவுநீரை எடுக்கும்போது ஆலைத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்யாத ஆய்வு முடிவு அந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கையில் சாட்சியமாகாது. வாரியமே எடுத்தாலும் இதைத் தவறவிட்டால் ஆலை தப்பித்துவிடும். ஆனால் அது கழிவுநீருக்கு. உங்கள் சொந்தக் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் எடுத்துப் பார்ப்பதற்கு அந்தத் தடை இல்லை. தீர்ப்பாயத்தில் அதைத் தாக்கல் செய்யலாம். அதையே முடிவாக எடுக்காமல், மனுவில் விஷயம் இருக்கிறது என்று பார்த்துக் கூட்டுக் குழு அமைத்து மறுபடி மாதிரி எடுக்கச் சொல்வார்கள். வழக்கமாக மாவட்ட நிர்வாகமும் வாரியமும் அதில் இருக்கும், சில வழக்குகளில் மத்திய வாரியமும். அந்தக் குழு வரும் அளவுக்கு உங்கள் ரிப்போர்ட் வலுவாக இருந்தால் போதும்.

இப்போது புதிய புகார் எழுதுங்கள், பழையதைத் தொடராதீர்கள். இந்த மூன்று ரிப்போர்ட்டையும் இணைத்து, 21-வது பிரிவின்படி ஓடையில் விழும் இடத்தில் இரவில் மாதிரி எடுக்கக் கேளுங்கள். தீர்ந்த ஆசிட்டின் கணக்கைச் சரிபார்க்கக் கேளுங்கள். மீறல் தெரிந்தால் 33-ஏ பிரிவில் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆலையை மூடவும் வாரியம் உத்தரவிடலாம். நகல் கலெக்டருக்கும் கிண்டி தலைமை அலுவலகத்துக்கும். ஊரில் அடுத்த கிராம சபை எப்போது வருகிறதோ அப்போது தீர்மானமும் போட்டு வையுங்கள்.

யாரும் காம்பவுண்டுக்குள் நுழைய வேண்டாம். ஓடை பொது இடம், அங்கே நின்று பி.எச். தாளை நனைத்து நிறம் மாறுவதை நேரத்தோடு வீடியோ எடுக்கலாம். சுவர் ஏறிக் குதித்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

கதிரவன்_வியாசர்பாடி

நன்றி அக்கா. தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் எவ்வளவு செலவு, எவ்வளவு காலக்கெடு? ஆலைக்கு அபராதம் போட்டால் அது அப்பாவுக்கு வருமா?

தேன்மொழி_வழக்கறிஞர்

கடைசிக் கேள்வியைத்தான் நிறைய பேர் தாமதமாகக் கேட்கிறார்கள். "சுற்றுச்சூழல் இழப்பீடு" என்று பத்திரிகையில் லட்சக்கணக்கில் வரும் பணம் வாரியத்தின் கணக்குக்குப் போகும். கிணற்றுக்காரருக்கு அதிலிருந்து தானாக ஒரு ரூபாய் வராது. உங்கள் பயிர் நஷ்டத்துக்கும் கிணற்றைச் சீராக்கும் செலவுக்கும் தீர்ப்பாயச் சட்டம் 15-வது பிரிவில் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

காலக்கெடுவும் இங்கேதான் முக்கியம். சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கச் சொல்லி 14-வது பிரிவில் போகும் மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள். நீங்கள் இரண்டு வருஷம் என்கிறீர்கள், ஆலையின் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வார்த்தையைத்தான். 15-வது பிரிவுக்கு ஐந்து வருஷம். அதனால் நிவாரணம், நஷ்ட ஈடு, கிணற்றையும் ஓடையையும் மீட்பது என்று 15-ஐ முதன்மையாக வையுங்கள். தேதியை மாற்றி எழுத நினைக்காதீர்கள், உங்கள் பழைய புகாரே அவர்கள் கையில் இருக்கும்.

கட்டணம், நஷ்ட ஈடு கேட்கவில்லை என்றால் ஆயிரம் ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது ஆயிரம். ஆறு லட்சம் கேட்டால் ஆறாயிரம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில்தான், வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம்.

நஷ்டத்துக்குக் காகிதம் வேண்டும். கெடுவதற்கு முந்தைய பசலிகளுக்கும் பிந்தைய பசலிகளுக்கும் அடங்கல் நகல் வாங்குங்கள், எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். நெல் போட்ட கொள்முதல் நிலைய ரசீதுகள் இருந்தால் தேடி எடுங்கள். கருகிய நாற்றங்காலை வேளாண் உதவி அலுவலர் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறதா?

கதிரவன்_வியாசர்பாடி

குறிப்பு இல்லை. அப்பா நாற்றை உழுது அழித்துவிட்டார். போட்டோ மட்டும் இருக்கிறது. ரசீதுகள் சித்தப்பா பீரோவில் இருக்கும்.

தேன்மொழி_வழக்கறிஞர்

அந்தப் பருவத்துக்குப் போட்டோவும் அடங்கலும்தான். சொர்ணவாரிக்கு நாற்று விடும்போதே வேளாண் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், பாதிப்பு தெரிந்த அன்றே வந்து பார்க்கட்டும். மண் பரிசோதனையும் அப்போதே.

ஷிப்ட்_மோகன்

நஷ்ட ஈடு கேளுங்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடு என்று கேட்காதீர்கள். சரிசெய்து ஓட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பாலாறு_முனுசாமி

சரிசெய்து ஓட்டுகிறோம் என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள் தம்பி.

கதிரவன்_வியாசர்பாடி

தகவல் உரிமைப் பதில் வந்தது. முதலில் ஆலையிடம் ஆட்சேபம் கேட்டிருக்கிறார்கள், அதனால் தாமதம். படிவம் 5-ல் போன வருஷம் வாங்கிய ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 240 டன். படிவம் 4-ல் வெளியே அனுப்பிய தீர்ந்த ஆசிட் 35 டன். ஆசிட் தொட்டியில் ஆவியாகிக் குறையும், பைப்போடு ஒட்டிக்கொண்டு போகும் என்று மோகன் முன்பு எனக்குத் தனியாகச் சொன்னார். இவ்வளவா குறையும்?

ரங்கன்_ஆய்வகம்

இவ்வளவு குறையாது. வாங்கும் ஆசிட்டில் தண்ணீர் சேர்த்துத்தான் தொட்டியில் ஊற்றுவார்கள், அதனால் தீர்ந்த ஆசிட்டின் அளவு வாங்கியதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். 35 என்பது கேள்விக்குரிய எண்.

ஆனால் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும்: "மீதியை எங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலேயே சுண்ணாம்பு போட்டு முறித்துவிட்டோம்." அது உண்மையானால் அத்தனை இரும்பும் சேறாக இறங்கியிருக்க வேண்டும், நிறைய சேறு. அந்தச் சேறும் அபாயக் கழிவுதான், கும்மிடிப்பூண்டியில் உள்ள புதைப்பு மையத்துக்குப் போயிருக்க வேண்டும். அதே படிவம் 4-ல் சேற்றுக்குத் தனி வரி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது? அங்கீகார ஆணையில் வளாகத்திலேயே முறிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கதிரவன்_வியாசர்பாடி

சேறு என்ற வரியில் 6 டன் என்று இருக்கிறது சார். அங்கீகார ஆணையின் நகலில் இரண்டாம் பக்கம் இல்லை, அவர்கள் கொடுத்த கட்டிலேயே இல்லை. நிபந்தனைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

தேன்மொழி_வழக்கறிஞர்

விடுபட்ட பக்கத்துக்கு முதல் மேல்முறையீடு போடுங்கள், பதில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் இருக்கிறது. அது வரும்வரை தீர்ப்பாய மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். 240, 35, 6 மூன்றையும் ஒரே பத்தியில் எழுதி, இந்தக் கணக்கை ஆலை விளக்க வேண்டும் என்று இடைக்கால வேண்டுகோளாகக் கேளுங்கள்.

அம்பத்தூர்_செல்வி

மண்டல அலுவலகத்தில் கேட்டேன். பட்டறைக்கு உரிமம் இருக்கிறதாம், ஆனால் டீக்கடைக்கு.